அத்தியாயம் 7: பட்டுக்கும் பயணத்துக்கும் துணி ஸ்டீமர்

என் அக்கா மகளின் மெரூன் வெல்வெட் பாவாடையில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, அயர்ன் பாக்ஸின் மூக்கு பதிந்த தழும்பு ஒன்று இருக்கிறது. துணி கருகவில்லை. சூட்டைக் குறைத்து வைத்துத்தான் தேய்த்தேன். ஆனாலும் பெட்டி உட்கார்ந்த இடத்தில் வெல்வெட்டின் மயிர் படுத்துவிட்டது. வெளிச்சத்தில் நின்றால் அந்த இடம் மட்டும் தனியாகப் பளபளக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை முறை பிரஷ் போட்டும் எழவில்லை. அந்தப் பாவாடையைக் கெடுத்ததில் சூட்டுக்கு இருந்த பங்கைவிட அழுத்தத்துக்கு இருந்த பங்குதான் பெரிது.

துணி ஸ்டீமரை விளங்கிக்கொள்ள இந்த ஒன்று போதும். அயர்ன் பாக்ஸ் சூடு, ஈரம், அழுத்தம் மூன்றையும் சேர்த்து வேலை செய்கிறது. ஸ்டீமரில் சூடும் ஈரமும் மட்டும்தான் உண்டு. அழுத்தம் கிடையாது. அதற்குப் பதிலாகத் துணியின் எடையும் நம் இன்னொரு கையின் இழுப்பும் வேலை செய்கின்றன. அழுத்தினால் கெடும் துணிக்கு ஸ்டீமர் ஏற்றது. அழுத்தினால்தான் அமையும் துணிக்கு அது உதவாது. இந்த அத்தியாயத்தில் உள்ள எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

சுருக்கம் எப்படிப் போகிறது

பருத்தி, பட்டு, கம்பளி போன்ற இழைகளுக்குள் மூலக்கூறுகள் ஒன்றையொன்று மெல்லிய பிணைப்புகளால் பிடித்துக்கொண்டிருக்கும். துணி மடிந்தும் கசங்கியும் கிடக்கும்போது, அந்த மடிந்த நிலையிலேயே பிணைப்புகள் புதிதாக உருவாகிவிடும். அதைத்தான் சுருக்கம் என்கிறோம். ஈரமும் சூடும் உள்ளே போனால் பிணைப்பு தளரும். தளர்ந்திருக்கும் நேரத்தில் துணி நேராகத் தொங்கினால், ஆறி உலரும்போது நேரான நிலையிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும்.

பாலியஸ்டர் ஜார்ஜெட், ஷிஃபான் போன்ற செயற்கை இழைகளில் ஈரத்துக்கு வேலை குறைவு, சூட்டுக்கே வேலை. ஏறக்குறைய 70 முதல் 80 டிகிரி தாண்டினால் பாலியஸ்டர் இழை நெகிழத் தொடங்கும். ஸ்டீமரின் ஆவி வெளியே வரும்போது 100 டிகிரியை ஒட்டி இருப்பதால் அது தாராளமாகப் போதும். அயர்ன் பாக்ஸின் பருத்திக்கான சூடு 200 டிகிரி வரை போகும். அதில் பாலியஸ்டர் இளகிப் பளபளப்பேறும், பெட்டியில் ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

இரண்டு வகை இழைக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. ஆவி படும் நொடியில் சுருக்கம் அவிழ்கிறது. ஆறும் நேரத்தில்தான் துணி நேராக நிற்கிறது. ஸ்டீமர் வாங்கிய பலர் ‘இது சரியாக வேலை செய்யவில்லை’ என்று ஒதுக்கி வைப்பதற்குக் காரணம், ஆவி காட்டிய கையோடு துணியை மடிப்பதோ உடுத்துவதோதான். இன்னும் வெதுவெதுப்பாக, லேசான ஈரத்தோடு இருக்கும் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், உட்கார்ந்த மடிப்பு முன்னைவிட ஆழமாகப் பதியும்.

எதற்கு ஸ்டீமர், எதற்கு அயர்ன் பாக்ஸ்

முதலில் துணியின் உள்பக்கத்தில் தைத்திருக்கும் சிறு லேபிளைப் பாருங்கள். அயர்ன் பாக்ஸ் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் 110 டிகிரி வரை, இரண்டு புள்ளிக்கு 150 வரை, மூன்று புள்ளிக்கு 200 வரை தேய்க்கலாம். பெட்டியின் அடியிலிருந்து ஆவி இறங்குவது போலக் கோடுகள் போட்டு, அவற்றின் மேல் பெருக்கல் குறி இருந்தால் அந்தத் துணிக்கு ஆவி ஆகாது. சேலைகளில் பெரும்பாலும் லேபிளே இருக்காது. அவற்றுக்குப் பின்னால் சொல்லும் மூலைச் சோதனைதான் வழி.

ஷிஃபான், ஜார்ஜெட், மென்பட்டு, வெல்வெட், கம்பளிக் கோட்டு, எம்பிராய்டரி போட்ட குர்த்தா, பல அடுக்குப் பாவாடை ஆகியவற்றுக்கு ஸ்டீமர் நல்லது. கம்பளியை அழுத்தித் தேய்த்தால் மினுமினுப்பு ஏறும். ஆவியில் அது வராது. வெல்வெட்டுக்கு உள்பக்கத்திலிருந்து ஆவி காட்டினால், படுத்த மயிர் ஓரளவு எழுந்து நிற்கும்.

கஞ்சி போட்ட சேலையும் வேட்டியும் ஸ்டீமருக்கு ஆகாதவை. ஆவி பட்டால் கஞ்சி இளகி, மொடமொடப்பு போய்விடும். பேன்ட்டின் கத்தி முனை மடிப்பு, சட்டைக் காலர், கொசுவத்தை முன்கூட்டியே மடித்து வைப்பது ஆகியவற்றுக்கும் அழுத்தம் வேண்டும். அவற்றை அயர்ன் பாக்ஸுக்கோ தெருமுனை இஸ்திரி வண்டிக்கோ விட்டுவிடுங்கள். தோல், ரெக்ஸின், மெழுகு பூசிய துணி, பசையால் ஒட்டிய கல் வேலை நெருக்கமாக உள்ள துணி ஆகியவற்றுக்கு ஆவியே வேண்டாம். பசை இளகும், பிளாஸ்டிக் சமிக்கி சுருளும்.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்டீமர் அழுக்கை எடுக்காது. வியர்வை படிந்த அக்குள் பகுதியிலும் கறை உள்ள இடத்திலும் ஆவி காட்டினால் கறை இறுகி, பிறகு சலவையிலும் போகாமல் நின்றுவிடக்கூடும். கறையை முதலில் எடுத்துவிட்டு, அதன் பிறகு ஆவிக்கு வாருங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய எண்கள்

நின்றபடி பயன்படுத்தும் பெரிய ஸ்டீமரில் ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். வீட்டில் வாரம் நாலைந்து உருப்படி என்றால் அது வசதி. பயணத்துக்குக் கையடக்க ஸ்டீமர்தான். அதன் தொட்டி பெரும்பாலும் 100 முதல் 300 மில்லி வரை இருக்கும்.

பெட்டியில் ‘நிமிடத்துக்கு இத்தனை கிராம் ஆவி’ என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணை நீங்களே சரிபார்க்கலாம். 30 டிகிரியில் உள்ள ஒரு கிராம் தண்ணீரைக் கொதிக்க வைத்து முழுக்க ஆவியாக்க ஏறத்தாழ 2,550 ஜூல் ஆற்றல் வேண்டும். அந்தக் கணக்கில் ஒவ்வொரு 100 வாட்டுக்கும் நிமிடத்துக்கு 2.3 கிராம் அளவுக்கு மேல் ஆவி தொடர்ந்து வர முடியாது. 1,200 வாட் ஸ்டீமர் தன் முழுத் திறனில் ஓடினாலும் 28 கிராம்தான். 800 வாட் கருவி தொடர்ந்து 30 கிராம் தருவதாகப் போட்டிருந்தால், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெந்நீர்த் துளியாகத் துணி மேல் தெறிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிளக். நம் ஊரில் மின்னழுத்தம் 230 வோல்ட். 1,500 வாட் கருவி 6.5 ஆம்பியர் இழுக்கும். பழைய வீடுகளிலும் லாட்ஜ் அறைகளிலும் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய சாக்கெட் 5 அல்லது 6 ஆம்பியருக்கானது. அதில் 1,500 வாட்டை மாட்டினால் சாக்கெட் சூடேறும், சில சமயம் டிரிப் ஆகும். பயணத்துக்கு 1,000 முதல் 1,200 வாட் வரை போதும், அது ஏறத்தாழ 5.2 ஆம்பியருக்குள் அடங்கிவிடும்; 5 ஆம்பியர் சாக்கெட் என்றால் 1,000 வாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்போதும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாமல் சுவர் சாக்கெட்டிலேயே நேராக மாட்டுங்கள்.

தொட்டியில் என்ன தண்ணீர்

போர் தண்ணீர் வேண்டாம். அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு ஆவியோடு போகாமல் உள்ளேயே தங்கி, சூடேறும் தகட்டில் வெள்ளைப் பாறையாகப் படியும். கொஞ்ச நாளில் ஆவி குறையும். பிறகு வெள்ளை அல்லது பழுப்புத் துகள் துணி மேல் வந்து விழும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர், அல்லது வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. பேட்டரிக் கடையில் வாங்கும்போது அது வெறும் தண்ணீர்தான், ஆசிட் கலந்ததில்லை என்பதை லேபிளில் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பன்னீர், சென்ட், துணி கண்டிஷனர் எதையும் தொட்டிக்குள் ஊற்றக் கூடாது. அது உள்ளே கருகி, பட்டில் கறையாக வெளியே வரும்.

வேலை முடிந்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தொட்டியின் மூடியைத் திறந்து உலர வையுங்கள். தண்ணீரோடு மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த ஸ்டீமர் அடுத்த முறை முதலில் துப்புவது பாசி நாற்றமுள்ள பழுப்புத் தண்ணீர்தான்.

மூலைச் சோதனை

புதிதாக எந்தத் துணியை எடுத்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். கால் மணி நேரம் ஆகும்.

1. வெளியே தெரியாத ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். சேலையில் உள்ளே செருகும் முனை. சட்டையில் கீழ் மடிப்பின் உள்பக்கம்.
2. அந்த இடத்தில் ஒரு ஜாண் நீளத்துக்கு இரண்டு குண்டூசி குத்தி, நடுவே உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.
3. ஸ்டீமரை 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து மூன்று நொடி ஆவி காட்டுங்கள்.
4. உடனே வெள்ளைப் பருத்தித் துணியை மேலே வைத்து மெல்ல ஒற்றுங்கள். சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.
5. பத்து நிமிடம் ஆறவிட்டு, ஊசிகளுக்கிடையே மறுபடி அளங்கள். வளையம் மாதிரித் தண்ணீர் அடையாளம் விழுந்திருக்கிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

அளப்பது வீண் வேலை அல்ல. க்ரேப், விஸ்கோஸ் ஜார்ஜெட் போன்ற துணிகளில் நூலை மிக இறுக்கமாக முறுக்கி நெய்திருப்பார்கள். ஈரம் பட்டால் முறுக்கு இறுகித் துணி சுருங்கும். தூரம் குறைந்திருந்தாலோ, சாயம் ஒட்டினாலோ, அந்தத் துணியை டிரை கிளீனிங் கடைக்கே கொடுத்துவிடுவதுதான் நல்லது.

ஒரு லாட்ஜ் அறை, ஒரு காஞ்சிப் பட்டு

இனி முழு வேலையையும் ஒரே காட்சியாகப் பார்க்கலாம். சென்னையிலிருந்து இரவு ரயிலில் கிளம்பி, காலையில் திருநெல்வேலியில் இறங்கி, லாட்ஜில் அறை எடுத்திருக்கிறோம். மறுநாள் காலை முகூர்த்தம். அன்று மாலை வரவேற்பு. ரயில் பெட்டியில் இருக்கும் சார்ஜிங் பாயின்ட் கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் மட்டும்தான். ஸ்டீமரை அதில் மாட்டக் கூடாது. அதனால் வேலை எல்லாம் அறைக்கு வந்த பிறகுதான்.

பெட்டியில் என் அம்மாவின் காஞ்சிப் பட்டு. மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு பார்டர், ஜரிகை முந்தானை. நாலாக மடித்து வைத்திருந்ததால் குறுக்கே நீளமான மடிப்புக் கோடுகள் விழுந்திருக்கின்றன. உடலும் பார்டரும் வேறு வேறு சாயம் என்பதால் மூலைச் சோதனையை ஊரிலேயே முடித்திருந்தேன். சாயம் ஒட்டவில்லை.

ஜரிகையைப் பற்றி ஒரு சொல். அசல் ஜரிகை என்பது பட்டு நூலைச் சுற்றித் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன் மேல் தங்க முலாம் பூசியது. செம்புக் கம்பியில் செய்த ஜரிகையும் உண்டு. ஈரம் தங்கினால் அது கறுக்கும். பளபளப்புப் பூசிய பாலியஸ்டர் படலத்தில் செய்த ஜரிகை, சூடான அயர்ன் பாக்ஸ் நேராகப் பட்டால் சுருண்டுபோகும். உங்கள் சேலையில் எது என்று தெரியாவிட்டாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சேலையின் உள்பக்கத்திலிருந்து, தள்ளி நின்று ஆவி காட்டி, ஈரம் முழுக்கப் போன பிறகே மடிக்க வேண்டும்.

ஐந்தரை மீட்டர் சேலையை ஒரே நேரத்தில் தொங்கவிட எந்த அறையிலும் இடம் இருக்காது. திரைச்சீலைக் கம்பியோ, அலமாரிக் கதவின் மேல் விளிம்போ ஏதோ ஒன்று கிடைக்கும். அதன் மேல் முதலில் ஒரு சுத்தமான வெள்ளைத் துண்டைப் போடுங்கள். கம்பியின் துருவும் தூசியும் ஈரப்பட்டில் உடனே ஏறும். முந்தானையிலிருந்து தொடங்கி ஒன்றரை மீட்டர் கீழே தொங்கும்படி போட்டு, மிச்சச் சேலையைப் பக்கத்து நாற்காலியில் ஒரு வேட்டி விரித்து, அதன் மேல் தளர்வாகக் குவித்து வைக்கலாம். ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். லாட்ஜ் அறையின் கூரையில் புகை உணர்வி இருந்தால் அதற்கு நேர் கீழே நிற்காதீர்கள். அடர்ந்த ஆவியைச் சில கருவிகள் புகை என்று எடுத்துக்கொண்டு அலறும்.

ஸ்டீமரில் 200 மில்லி தண்ணீர். சுவிட்ச் போட்டு, விளக்கு மாறும் வரை காத்திருங்கள். விளக்கு மாறியதும் நேராகச் சேலைக்குப் போகக் கூடாது. முதல் பத்து நொடி ஆவியைப் பழைய துண்டின் மேலோ வாஷ்பேசினுக்குள்ளோ விடுங்கள். குழாயில் தங்கிய தண்ணீர் எல்லாம் அதில் துப்பி முடிந்துவிடும். ஆவி சீராக, சத்தம் மாறாமல் வரத் தொடங்கிய பிறகே துணிப் பக்கம் திருப்புங்கள்.

இடது கையால் சேலையின் கீழ் விளிம்பைப் பிடித்து மெல்லக் கீழே இழுங்கள். துணி நேராக நிற்கும் அளவுக்கு இழுத்தால் போதும், பலம் வேண்டாம். ஆவி மேலேறும் என்பதால் அந்தக் கை எப்போதும் ஸ்டீமர் தலைக்குக் கீழேயே இருக்கட்டும். உடலுக்கு ஐந்து சென்டிமீட்டர் தள்ளியும், ஜரிகை உள்ள இடத்துக்குப் பத்து சென்டிமீட்டர் தள்ளியும் பிடித்து, மேலிருந்து கீழே மெதுவாக வாருங்கள். ஒரு மீட்டர் இறங்க ஏழெட்டு நொடி ஆகட்டும். ஒரே இடத்தில் நிற்க வேண்டாம். மடிப்புக் கோடு உள்ள இடத்தில் மட்டும் இன்னொரு முறை வாருங்கள். அப்போதும் போகாத கோட்டை விட்டுவிடுங்கள். அது ஆறும்போது தானாக மங்கும், அல்லது கொசுவத்துக்குள் மறைந்துவிடும்.

ஒரு பகுதி முடிந்ததும் ஸ்டீமரைக் கீழே வைத்துவிட்டு, மூன்று நிமிடம் அப்படியே தொங்கவிடுங்கள். அதன் பிறகு அடுத்த ஒன்றரை மீட்டரை முன்னால் இழுத்து, முடிந்த பகுதியைக் கம்பியின் மறுபக்கம் வழிய விடுங்கள். அது தரையைத் தொடும் என்றால் கீழே இன்னொரு வேட்டியை விரித்துக்கொள்ளலாம். இப்படி நாலு தவணையில் சேலை முடியும். ஆவி ஓடிய நேரம் ஏறத்தாழ 12 நிமிடம்; நிமிடத்துக்கு 20 கிராம் என்றால் 240 மில்லி. எனவே இடையில் ஒரு முறை தண்ணீர் ஊற்ற வேண்டிவரும். தொட்டி முழுக்கக் காலியாகும் வரை ஓட்டாமல், கால் பங்கு இருக்கும்போதே சுவிட்சை அணைத்து, பிளக்கை எடுத்து, நிரப்பிக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்து சாய்த்துப் பிடித்தால் சில கருவிகள் காற்றை உறிஞ்சித் துளியாகத் துப்பும். ஆறும் நேரத்தையும் சேர்த்தால் மொத்தம் முக்கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

முடித்த சேலையை அன்றிரவு அம்மா புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “ஜரிகைப் பக்கம் இன்னும் ஜில்லுன்னு இருக்கும்மா, கொஞ்சம் தொங்கட்டும்” என்றார். நான் உள்ளங்கையால் தொட்டபோது எனக்கு உலர்ந்த மாதிரியே இருந்தது. அவர் சொன்னதுதான் சரி. புறங்கைக்கு அந்தக் குளிர்ச்சி நன்றாகத் தெரியும். ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கும் துணி சுற்றியுள்ள துணியைவிடக் குளிர்ந்துதான் இருக்கும். மெல்லிய உடல் அரை மணி நேரத்தில் உலர்ந்துவிடும். கனமான ஜரிகை முந்தானைக்கு ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும். முகூர்த்தத்துக்கு முந்தின மாலையே ஸ்டீமரை எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அதே அறையில் மற்ற துணிகள்

வரவேற்புக்கு வைத்திருந்தது பாலியஸ்டர் ஜார்ஜெட் சேலை. பார்டர் முழுக்க ஒட்டிய கற்கள். உடல் பகுதிக்கு மட்டும் உள்பக்கத்திலிருந்து ஆவி காட்டினேன். பார்டருக்கு ஒரு கை அகலம் முன்பே நிறுத்திக்கொண்டேன். பார்டரின் கசங்கலை ஆவி இல்லாமலே சரிசெய்ய முடிந்தது. சேலையை மடித்த நிலையில், பார்டர் கீழே வரும்படி ஹேங்கரில் ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டேன். கற்களின் எடையே அதை இழுத்துக்கொடுத்துவிட்டது. ஜார்ஜெட்டில் இன்னொன்றைக் கவனியுங்கள். தைக்கும்போதே சூட்டில் பதித்த மடிப்புகள் உள்ள உடை என்றால் அந்த மடிப்பின் மேல் ஆவி காட்டக் கூடாது. சுருக்கத்தை அவிழ்ப்பது போலவே ஆவி அந்த மடிப்பையும் தளர்த்திவிடக்கூடும்.

அப்பாவின் லினன் சட்டைக்கு ஸ்டீமர் பாதிதான் உதவும். லினன் இழை விறைப்பானது. வெறும் ஆவியில் கசங்கல் முழுக்கப் போகாது. முதலில் கையில் தண்ணீர் தொட்டுத் தெளித்து, ஐந்து நிமிடம் சுருட்டி வைத்து, ஹேங்கரில் போட்டு பட்டன் பட்டியைக் கீழே இழுத்துப் பிடித்தபடி ஸ்டீமர் தலையைத் துணியில் ஒட்டியே ஓட்டினால், பார்வைக்கு நன்றாக வரும். காலரும் கைப்பட்டியும் மட்டும் தளர்ந்தே இருக்கும். அவருக்கு அதில் மனம் ஒப்பவில்லை என்பதால் சட்டையைக் கீழே இஸ்திரி வண்டிக்குக் கொடுத்து வாங்கினோம். அதுதான் சரியான முடிவும்கூட.

எந்தத் துணியானாலும் உடுத்திய பிறகு அதன் மேல் ஆவி காட்டாதீர்கள். கிளம்பும் அவசரத்தில் ‘இந்தச் சின்னச் சுருக்கம் மட்டும்’ என்று தோன்றும். ஆவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது, ஆவியாக்கச் செலவான அத்தனை வெப்பத்தையும் அந்த இடத்திலேயே இறக்கும். அதனால் ஆவிப் புண் வெந்நீர்ப் புண்ணைவிட ஆழமாகப் போகும். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் பற்பசை, மாவு எதையும் தடவாமல் குழாய்த் தண்ணீருக்குக் கீழே 20 நிமிடம் காட்டுங்கள். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோனால்

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, வளைகுடா நாடுகளின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் மின்னழுத்தம் நம் ஊரை ஒட்டியே இருக்கும். பிளக்கின் வடிவம்தான் வேறு. ஒரு அடாப்டர் போதும். அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட் ஸ்டீமரை அமெரிக்காவில் மாட்டினால், வோல்ட் ஏறத்தாழ பாதியாகக் குறைவதால் சக்தி கால் பங்காகக் குறையும். 1,200 வாட் ஸ்டீமர் 330 வாட் அளவுக்குத்தான் சூடாகும். ஆவி வராமல் வெதுவெதுப்பான தண்ணீர் சொட்டும். அங்கே வாங்கிய 120 வோல்ட் கருவியை இங்கே மாட்டுவது ஆபத்து. மூன்றரை மடங்குக்கு மேல் சக்தி இழுத்து, சில நொடியில் எரிந்துபோகும். அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இரண்டு நாட்டிலும் பயன்படுத்துவதாக இருந்தால், 120, 230 இரண்டுக்கும் மாற்றும் சுவிட்ச் உள்ள ஸ்டீமரை வாங்குங்கள். ஊர் மாறியதும் முதலில் அந்தச் சுவிட்சைத் திருப்புங்கள்.

விமானத்தில் கொண்டுபோகும்போது தொட்டி காலியாக இருக்கட்டும். முந்தின நாளே தண்ணீரைக் கொட்டி, மூடியைத் திறந்து உலர்த்திவிட்டால் பெட்டிக்குள் ஒரு துளிகூடக் கசியாது.

தண்ணீர் வளையம் விழுந்தால்

ஸ்டீமர் செய்யும் கெடுதிகளில் அடிக்கடி வருவது இதுதான். ஒரு துளி வெந்நீர் பட்டில் விழும். அது உலரும்போது, துணியில் இருந்த பதமும் உதிரிச் சாயமும் துளியின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு, அங்கே ஒரு வளையமாக நின்றுவிடும். பதறிப்போய் அந்த இடத்தைக் கைக்குட்டையால் தேய்க்காதீர்கள். ஈரப்பட்டைத் தேய்த்தால் இழை பஞ்சுபோல் எழும்பும். அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

துளி இன்னும் ஈரமாக இருந்தால், உலர்ந்த வெள்ளைத் துணியை மேலும் கீழும் வைத்து ஒற்றி எடுங்கள். உலர்ந்து வளையம் விழுந்துவிட்டால், வளையத்தைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்கு, 15 சென்டிமீட்டர் தள்ளி, உள்பக்கத்திலிருந்து சீராக ஆவி காட்டுங்கள். அந்தப் பரப்பு முழுக்க ஒரே அளவு ஈரம் ஏறி ஒரே வேகத்தில் உலர்ந்தால் விளிம்பு மங்கும். ஒரு முறையில் போகாவிட்டால், உலர்ந்த பிறகு இன்னொரு முறை செய்து பார்க்கலாம். அதிலும் போகாவிட்டால் நிறுத்திவிட்டு, பட்டு வேலை தெரிந்த டிரை கிளீனரிடம், அது வெறும் தண்ணீர்க் கறைதான் என்று சொல்லிக் கொடுங்கள். எதனால் விழுந்த கறை என்று தெரிந்தால்தான் அவர் சரியான மருந்தை எடுப்பார்.

துளி விழாமல் இருக்க, ஸ்டீமரின் சத்தத்தைக் கேளுங்கள். சீராக ‘உஸ்’ என்று வரும் ஆவி பிரச்சினை இல்லை. ‘களக் களக்’ என்று சத்தம் வந்தால் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறது. உடனே தலையைத் துணியிலிருந்து விலக்குங்கள். நின்றபடி பயன்படுத்தும் ஸ்டீமர் என்றால் குழாயை மேலே தூக்கி நேராகப் பிடித்தால் தண்ணீர் தொட்டிக்கே திரும்பி இறங்கிவிடும். கையடக்கக் கருவி என்றால் நிமிர்த்திப் பிடித்து, பத்து நொடி வெளியே ஆவி விட்டுப் பாருங்கள்.

திரும்பி வரும்போது

கல்யாணம் முடிந்து அவிழ்த்த சேலையை உடனே மடித்துப் பெட்டியில் வைக்காதீர்கள். உடல் சூடும் வியர்வையும் அதில் இருக்கும். ஒரு மணி நேரம் விசிறிக்குக் கீழே, ஆவி காட்டிய அன்று தொங்கிய அதே கம்பியில் தொங்கட்டும். பிறகு பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, முன்பு விழுந்த மடிப்புக் கோட்டில் மறுபடி மடிக்காமல் ஒரு கை தள்ளி மடியுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். மிச்ச ஈரம் அதற்குள் வியர்க்கும். ஸ்டீமரின் தகடு ஆறியதும் அதையும் ஒரு துண்டில் சுற்றி, சேலையைத் தொடாத மூலையில் வைத்துப் பெட்டியை மூடுங்கள். அடுத்த ஊரில் இறங்கும்போது மடிப்புக் கோடுகள் இவ்வளவு ஆழமாக இருக்காது. ஸ்டீமருக்கும் பாதி வேலைதான் இருக்கும்.